கையிருப்பு எந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் ஓடர் போடுவது?

களுவாஞ்சிகுடியிலும் கல்முனையிலும் இன்று பல பலசரக்குக் கடைகளில் கணினியில்தான் பில் போடுகிறார்கள். ஒரு பக்கற் விற்றால் கையிருப்பில் ஒன்று தானாகக் குறைந்துவிடுகிறது. ஆனால் எவ்வளவு குறைந்ததும் "இதை வாங்கு" என்று அது சொல்ல வேண்டும் என்பதைக் கணினி தானாகத் தீர்மானிப்பதில்லை. அந்த எண்ணைக் கடைக்காரர்தான் கொடுக்க வேண்டும். அதைத் தவறாகக் கொடுத்துவிட்டால், கணினி வாங்குவதற்கு முன்பு கொப்பியில் எழுதிக்கொண்டிருந்த காலத்தைவிட நிலைமை மோசமாகும். கொப்பிக் காலத்தில் முதலாளி தட்டைத் தன் கண்ணால் பார்த்தார். இப்போது திரை சொல்லும் என்று நம்பிக்கொண்டு பார்க்காமல் இருக்கிறார்.

அந்த எண்ணை வைக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, பொருளுக்கு ஒரு நிலையான எண்ணை எழுதிவிடுவது: பால்மா 12-க்குக் கீழே போனால் வாங்கு. இரண்டாவது, சராசரி நாள் விற்பனையை, ஓடர் போட்டதிலிருந்து சாமான் வந்து சேரும் நாட்களால் பெருக்குவது. மூன்றாவது, அந்தப் பெருக்கலோடு, ஓடர் போட அடுத்த வாய்ப்பு எப்போது வரும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுவது. பிரதிநிதி வாரம் ஒருமுறை வந்து ஓடர் எடுக்கும் கடைக்கு மூன்றாவது வழிதான் சரி என்பது என் முடிவு. ஏன் என்பதை ஒரே ஒரு பொருளை வைத்துக் காட்டுகிறேன். 400 கிராம் பால்மா பக்கற்றை எடுத்துக்கொள்வோம். அது எல்லா வீடுகளுக்கும் வேண்டும். தீர்ந்துபோனால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவார், போனவர் அங்கேயே அரிசியும் சீனியும் வாங்கிக்கொள்வார்.

நிலையான எண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதைப் போடுவது எளிது, எல்லாருக்கும் விளங்கும். குறை என்னவென்றால், அது போட்ட அன்றே நின்றுவிடுகிறது. ஒரு நாளைக்கு 3 பக்கற் விற்ற காலத்தில் போட்ட 12 என்ற எண், 6 விற்கும் காலத்திலும் 12 ஆகவே இருக்கும். முன்பு நான்கு நாளுக்குப் போதுமான எச்சரிக்கை இப்போது இரண்டு நாளுக்கு மட்டுமே போதும். எந்தப் பொருளின் எண் பழையதாகிவிட்டது என்று திரை காட்டாது. சாமான் தீர்ந்த பிறகுதான் தெரியவரும். இருந்தாலும் இந்த வழி வெல்லும் இடம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

இரண்டாவது வழியின் அடிப்படை நேர்மையானது. கடந்த 28 நாளில் 168 பக்கற் விற்றிருந்தால் நாளுக்கு 6. ஓடர் போட்டு மூன்றாம் நாள் லொறி வருகிறது என்றால், லொறி வரும்வரை 18 பக்கற் தேவைப்படும். ஆகவே கையிருப்பு 18-க்குக் கீழே இறங்கினால் ஓடர் போட வேண்டும். விற்பனை கூடினால் கோடும் கூடும், குறைந்தால் குறையும். 30 நாள் எடுக்காமல் 28 நாள் எடுப்பதற்குக் காரணம் உண்டு. அதில் நான்கு ஞாயிறு, நான்கு வெள்ளி என்று ஒவ்வொரு கிழமையும் சமமாக வரும். சந்தை நாளில் விற்பனை கூடும் ஊரில் 30 நாள் எடுத்தால், சில மாதங்களில் ஐந்து சந்தை நாள் விழுந்து சராசரியைத் தூக்கிவிடும்.

எக்செல் தாளில் இதை ஒரே வரியில் எழுதலாம். B நிரலில் கையிருப்பு, C நிரலில் ஓடர் போட்டும் இன்னும் வந்து சேராதது, D நிரலில் 28 நாள் விற்பனை, E நிரலில் அந்த 28 நாளில் தட்டில் சாமான் இருந்த நாட்கள், F நிரலில் வந்து சேரும் நாட்கள்.

```
=IF(B2+C2<D2/E2*F2,"வாங்கு","")
```

இதில் C, E என்ற இரண்டு நிரல்களையும் வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். பலர் இவற்றை விட்டுவிட்டு, பிறகு கணக்கே பொய் சொல்கிறது என்று தாளைத் தூக்கிப் போடுகிறார்கள்.

முதலில் E. ஒரு மாதத்தில் பால்மா எட்டு நாட்கள் கடையில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மீதி இருபது நாளில் 120 பக்கற் விற்றிருக்கிறது. 120-ஐ 28-ஆல் வகுத்தால் நாளுக்கு நாலே கால் பக்கற் என்று வரும், மூன்று நாளுக்குக் கோடு 13-இல் நிற்கும். ஆனால் சாமான் இருந்த நாட்களில் விற்றது நாளுக்கு 6. அந்தக் கணக்கில் கோடு 18. இல்லாத நாட்களை "யாரும் கேட்கவில்லை" என்று கணக்கு எடுத்துக்கொண்டால் கோடு தாழும். கோடு தாழ்ந்தால் அடுத்த ஓடர் இன்னும் தாமதமாகும். தாமதமானால் சாமான் இன்னும் அதிக நாள் இராது. அடுத்த மாதம் சராசரி இன்னும் தாழும். நன்றாக ஓடும் பொருளை மெல்ல மெல்லக் கடையிலிருந்து விரட்டிவிடும் சுழல் இது. தட்டு காலியாக இருந்த நாட்களைக் கழித்துவிட்டு வகுப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை. கணினியில் பில் போடும் கடையில் அந்த நாட்களைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. நன்றாக ஓடும் பொருள் தொடர்ந்து இரண்டு நாள் ஒரு பில்லிலும் வரவில்லை என்றால், அன்று அது கடையில் இருந்ததா என்று விசாரித்துப் பாருங்கள்.

அடுத்து C. புதன்கிழமை தாள் "வாங்கு" என்கிறது, முதலாளி ஓடர் கொடுக்கிறார். லொறி சனிக்கிழமைதான் வரும். வியாழனும் வெள்ளியும் கையிருப்பு இன்னும் இறங்கிக்கொண்டே இருப்பதால், தாள் தொடர்ந்து "வாங்கு" என்றே காட்டும். கல்லாவில் அன்று மகன் உட்கார்ந்திருந்தால் அவரும் ஓர் ஓடரைக் கொடுத்துவிடுவார். சனியன்று இரண்டு மடங்கு வந்து இறங்கும். ஓடரில் இருப்பதையும் கையிருப்போடு கூட்டினால் இந்தத் தொல்லை நின்றுவிடும். ஆனால் இதற்கு ஒரு கடமையும் சேர்ந்து வருகிறது. நாம் 48 கேட்டு, விநியோகஸ்தர் 24 மட்டுமே அனுப்பினால், மீதி 24-ஐ C நிரலிலிருந்து அன்றே நீக்கிவிட வேண்டும். நீக்காவிட்டால், வரவே போகாத 24 பக்கற்றை நம்பிக்கொண்டு தாள் வாயை மூடிக்கொண்டிருக்கும். வந்து சேரும் நாட்களைப் போல் இரண்டு மடங்கு கழிந்தும் C நிரலில் ஓர் எண் அழியாமல் கிடந்தால், அதைத் தொலைபேசியில் விசாரித்துவிட்டு அழித்துவிடுவது நல்லது.

F நிரலில் போடும் நாட்களும் கவனம் கேட்கும். விநியோகஸ்தர் "மூன்று நாள்" என்றால் பெரும்பாலும் மூன்று வேலை நாள் என்றுதான் அர்த்தம். இடையில் ஞாயிறும் போயாவும் விழுந்தால் நாட்காட்டியில் ஐந்து நாள் ஆகிவிடும். கடை ஞாயிறும் திறந்திருந்து விற்கிறது என்றால் கோட்டுக்கு ஐந்து நாள் கணக்குத்தான் பொருந்தும். காத்தான்குடியில் வெள்ளிக்கிழமை பூட்டும் கடைக்கு வேறு கணக்கு வரும். விற்பனையைத் திறந்த நாட்களால் வகுத்தால், வந்து சேரும் நாட்களையும் திறந்த நாட்களாகவே எண்ண வேண்டும். விநியோகஸ்தர் சொல்லும் எண்ணைப் போடுவதைவிட, கடைசியாக வந்த ஐந்தாறு பில்களில் ஓடர் போட்ட திகதியையும் சாமான் இறங்கிய திகதியையும் எடுத்துப் பார்த்துப் போடுவது எப்போதும் மேல்.

இவ்வளவையும் சரிசெய்த பிறகும் இரண்டாவது வழி ஓர் இடத்தில் உடைகிறது. அது உடைவது கணக்கினால் அல்ல, நமது ஊர்களுக்குச் சாமான் வரும் முறையினால். அந்தக் கணக்கு, எந்த நாளில் கோட்டைத் தாண்டினாலும் அன்றே ஓடர் போடலாம் என்று எடுத்துக்கொள்கிறது. நமது கடைகளில் பல பொருட்களுக்கு அப்படி இல்லை. கொம்பனியின் விற்பனைப் பிரதிநிதி குறித்த கிழமையில் வந்து ஓடர் எழுதிக்கொண்டு போவார், சில நாளில் லொறி வரும். அடுத்த ஓடர் அவர் அடுத்த வாரம் வரும்போதுதான்.

நமது பால்மாவுக்குப் பிரதிநிதி செவ்வாய்க்கிழமை காலை வருகிறார், லொறி வெள்ளிக்கிழமை காலை வருகிறது என்று வைத்து நாளுக்கு நாள் பார்ப்போம். நாளுக்கு 6 விற்கிறது, கோடு 18. செவ்வாய்க் காலை கையிருப்பு 22. கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது, தாள் ஒன்றும் சொல்லவில்லை. பிரதிநிதியிடம் முதலாளி "பால்மா இருக்கிறது, அடுத்த முறை பார்ப்போம்" என்கிறார். புதன் காலை 16. இப்போது தாள் "வாங்கு" என்கிறது. பிரதிநிதியோ அடுத்த ஊரில் நிற்கிறார். வியாழன் காலை 10, வெள்ளி காலை 4. வெள்ளி மதியத்துக்குள் தட்டு காலி. அடுத்த செவ்வாய் ஓடர் போட்டு, அதற்கடுத்து வரும் வெள்ளியில்தான் சாமான் இறங்கும். ஏறக்குறைய ஒரு வாரம் பால்மா இல்லாத கடை. இழந்த விற்பனை 38 பக்கற்: முதல் வெள்ளியில் 2, பிறகு ஆறு நாளுக்கு 36.

தாள் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. கோட்டைத் தாண்டிய அன்றே சொல்லியது. ஆனால் செவ்வாய்க்கிழமை அது விடை சொல்ல வேண்டிய கேள்வி வேறு. "லொறி வரும்வரை போதுமா" என்பது அல்ல, "இன்று வாங்காவிட்டால், அடுத்து வாங்கக்கூடிய சாமான் வந்து சேரும்வரை போதுமா" என்பதே கேள்வி. அடுத்த வாய்ப்பு 7 நாள் கழித்து, அது வந்து சேர மேலும் 3 நாள். மொத்தம் 10 நாள், 60 பக்கற். செவ்வாய்க் காலை கையிருப்பும் வரவேண்டியதும் சேர்ந்து 60-க்குக் குறைவாக இருந்தால் அன்று வாங்கியே ஆக வேண்டும். 22 இருந்தது, 60 வேண்டும், வித்தியாசம் 38. மேலே இழந்த விற்பனையும் அதே 38 தான் என்பதைக் கவனியுங்கள். பெட்டியில் 24 பக்கற் என்றால் 2 பெட்டி எடுக்க வேண்டும்.

G நிரலில் இரண்டு வருகைகளுக்கு இடைப்பட்ட நாட்களைப் போட்டால் வரி இப்படி மாறும். H நிரலைப் பற்றி அடுத்துச் சொல்கிறேன்.

```
=IF(B2+C2<D2/E2*(F2+G2)+H2,"வாங்கு","")
```

60 என்ற எண்ணைக் கேட்டதும் முதலாளிமார் பயப்படுவது நியாயமே. 18 இருக்கும் இடத்தில் 60 பக்கற்றுக்குப் பணத்தை முடக்குவதா என்று கேட்பார்கள். ஆனால் 60 பக்கற் ஒருபோதும் தட்டில் சேர்ந்து நிற்பதில்லை. செவ்வாயன்று 60 என்பது கையில் இருப்பதும் வரவேண்டியதும் கூடிய எண். வெள்ளியன்று சாமான் இறங்கும்போது மூன்று நாளில் 18 விற்றுப்போயிருக்கும், தட்டில் ஆகக் கூடியது 42 நிற்கும். அடுத்த வெள்ளிக்குள் அதுவும் கரைந்து பூச்சியத்தை நெருங்கும். சராசரியாகப் பார்த்தால் கடையில் கிடப்பது இருபதைச் சுற்றிய பக்கற்தான். பெட்டி உடைக்காமல் எடுப்பதால் சற்றுக் கூடலாம். வாரம் ஒருமுறை வாங்கும் கடை இதைவிடக் குறைவாக வைத்துக்கொண்டு இடைவெளியின்றி விற்க முடியாது.

பணத்தைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால் குறைக்க வேண்டிய இடம் வேறு. G நிரலைப் பாருங்கள், அங்கே 7 இருக்கிறது. விநியோகஸ்தரோடு பேசி, இடையில் தொலைபேசியிலோ வட்ஸ்அப்பிலோ ஓடர் கொடுக்க அவர் சம்மதித்தால், லொறியும் மூன்றாம் நாள் வந்தால், அந்த 7 பூச்சியமாகிவிடும். கோடு மறுபடி 18-க்கு இறங்கும், இரண்டாவது வழியே போதுமானதாகிவிடும். வாரத்தில் இரண்டு தடவை வரச் சம்மதித்தாலும் G பாதியாகக் குறையும். விலைக்கழிவுக்காகப் பேரம் பேசும் முதலாளிமார் இந்த நாட்களுக்காகவும் பேரம் பேச வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். ஆனால் லொறி எப்படியும் வெள்ளிதான் வரும், ஓடரை மட்டும் எப்போதும் எழுதிக்கொள்வேன் என்று அவர் சொன்னால் ஏமாந்துவிட வேண்டாம். அப்போது இடைவெளியைத் தீர்மானிப்பது லொறியின் சுற்று. G-இல் 7 அப்படியே இருக்கும்.

இனி H. சராசரி என்பது நடுவில் நிற்கும் எண். மூன்று நாளில் சராசரியாக 18 விற்கிறது என்றால், ஏறத்தாழ பாதித் தடவை அதற்கு மேல் விற்கும். ஆகவே சரியாகச் சராசரியின் கோட்டில் ஓடர் போடும் கடையில், இரண்டு ஓடருக்கு ஒரு தடவை லொறி வருவதற்கு முன்பே சாமான் தீரும். மேலதிகமாக ஒரு தொகை வைத்தாக வேண்டும். எவ்வளவு? பாடநூல்கள் நியம விலகலைக் கணித்துப் பெருக்கச் சொல்லும். ஒரு கடைக்கு அதைவிட எளிதான, எனக்கு அதிகம் பிடித்த வழி உண்டு. கடந்த இரண்டு மாத பில்களில், தொடர்ந்து வரும் பத்து நாட்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்து, ஆகக் கூடிய விற்பனை எவ்வளவு என்று எடுப்பது. அது 71 என்றால், 60-இலிருந்து 11 அதிகம். அந்த 11-ஐ H நிரலில் போட்டுவிடலாம். மூன்று நாள் மட்டும் காக்க வேண்டிய கடை மூன்று மூன்று நாளாக நகர்த்திப் பார்க்க வேண்டும். அங்கே ஆகக் கூடியது 26 என்றால் மேலதிகம் 8. நாட்கள் மூன்று மடங்குக்கு மேல் கூடினாலும் மேலதிகம் அந்த அளவுக்குக் கூடவில்லை. நீண்ட காலத்தில் ஒரு நாளின் ஏற்றத்தை மறுநாளின் இறக்கம் ஓரளவு சரிக்கட்டிவிடுகிறது. இதை அறியாமல் "சராசரியை இரண்டு மடங்காக்கிவிடு" என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பத்து நாள் காக்கும் பொருளுக்குத் தேவையின்றிப் பணத்தை விழுங்கும்.

விற்பனை மட்டும் அல்ல, வந்து சேரும் நாட்களும் ஆடும். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இது கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் பெரிதாகத் தெரியும். கொழும்பிலிருந்து பொலன்னறுவை வழியாக வரும் லொறி, மனம்பிட்டிப் பக்கம் வெள்ளம் வீதியை மூடினால் நின்றுவிடும். 2011 சனவரியிலும் 2024 நவம்பரிலும் இரு மாவட்டங்களும் வெள்ளத்தில் பட்ட பாடு எல்லாருக்கும் நினைவிருக்கும். புறக்கோட்டையிலிருந்து நேரே வரும் பருப்பு, சீனி போன்றவற்றுக்கு நவம்பர் தொடக்கத்திலேயே F நிரலை மாற்றிவிட வேண்டும். மூன்று என்றிருந்ததை ஆறு அல்லது ஏழு ஆக்கினால் போதும், கோடு தானாக உயரும். மழை விட்டதும் திருப்பிவைக்க மறக்கக் கூடாது. உள்ளூர்க் களஞ்சியத்தில் சாமான் வைத்திருக்கும் விநியோகஸ்தரின் பொருட்களுக்கு இந்த மாற்றம் இவ்வளவு தேவைப்படாது. அவருக்கும் கொழும்பிலிருந்துதான் வர வேண்டும் என்றாலும், இடையில் அவருடைய களஞ்சியம் தாங்கும்.

பண்டிகைக்கு முந்திய வாரங்களில் 28 நாள் சராசரி எப்போதும் பின்தங்கியே நிற்கும். அது கடந்ததைப் பார்க்கிறது, தேவை முன்னால் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்குப் போன வருடம் அதே திகதிகளின் விற்பனையை D நிரலில் எடுத்துப் போடலாம். நோன்பு மாதத்துக்கு அது பொருந்தாது. நோன்பு ஒவ்வொரு வருடமும் பத்து, பதினொரு நாள் முன்னால் நகர்வதால், போன வருடத்து நோன்பு தொடங்கிய நாளிலிருந்து எண்ணி எடுக்க வேண்டும். பண்டிகை முடிந்த பிறகு எதிர்ப்பக்கத் தொல்லை வரும். உயர்ந்துபோன சராசரி இன்னும் மூன்று, நான்கு வாரங்களுக்கு "வாங்கு, வாங்கு" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த வாரங்களை விட்டுவிட்டுப் பண்டிகைக்கு முந்திய சாதாரண மாதத்தின் சராசரியைப் போட்டுவிடுவது நல்லது.

நிலையான எண் வெல்லும் இடத்தைச் சொல்வதாகச் சொன்னேன். அரிக்கன் விளக்குத் திரி போன்ற பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு இரண்டு, மூன்று விற்கும். நாளுக்குச் சராசரி 0.1, மூன்று நாளுக்குக் கோடு 0.3. கையிருப்பு 1 இருக்கும்வரை அது கோட்டுக்கு மேலேதான். கடைசித் திரியும் விற்றுப்போன பிறகுதான் "வாங்கு" என்று வரும். G சேர்த்துப் பத்து நாள் ஆக்கினாலும் கோடு 1-தான். சராசரி எடுக்கும் அளவுக்கு விற்பனை இல்லாத பொருளுக்குச் சராசரி ஒன்றும் சொல்லாது. அங்கே 2 அல்லது 3 என்று நேரே ஓர் அடிமட்டம் போடுவதே புத்தி. தாளில் இரண்டையும் சேர்த்துவிடலாம்:

```
=IF(B2+C2<MAX(2,D2/E2*(F2+G2)+H2),"வாங்கு","")
```

மறுமுனையில் தயிர், யோகட் போன்றவை இருக்கின்றன. அங்கே கோட்டை உயர்த்துவதற்கு ஓர் எல்லை உண்டு. ஐந்து நாளில் கெடும் பொருளுக்குப் பத்து நாள் தேவையைக் கணக்கிட்டு வாங்க முடியாது. கணக்கு அப்படிச் சொன்னால், அந்தப் பொருளை வாரம் ஒருமுறை வரும் ஆளிடம் வாங்கக் கூடாது என்று பொருள். தினமும் கொண்டுவந்து தரும் உள்ளூர்ப் பண்ணைக்காரரிடம் மாற வேண்டும்.

ஒரு கடையில் எல்லாப் பொருளுக்கும் ஒரே வழி என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. தொலைபேசியில் கேட்டால் வந்துவிடும் பொருளுக்கு G-இல் பூச்சியம், வாரம் ஒருமுறை வருபவருக்கு 7, இரு வாரத்துக்கு ஒருமுறை வருபவருக்கு 14. எல்லாப் பொருளுக்கும் இந்த நிரல்களை நிரப்ப நேரம் இல்லாத கடை, முதலில் வாரம் ஒருமுறை பிரதிநிதி வரும் பொருட்களில் அதிகம் ஓடும் இருபதை எடுத்துத் தொடங்கலாம். மீதிக்கு இருக்கிற நிலையான எண்ணே இப்போதைக்குப் போதும். அந்த இருபதின் தாளையும் தினமும் பார்க்க வேண்டாம். அந்தந்தப் பிரதிநிதி வரும் காலையில், அவர் வருவதற்கு முன்பு, தட்டில் உள்ளதை ஒருமுறை எண்ணி B நிரலோடு ஒப்பிட்டுவிட்டுப் பார்த்தால் போதும். உடைந்ததும் வீட்டுக்கு எடுத்துப் போனதும் பில்லில் வராது. B பொய்யாக இருந்தால் மேலே சொன்ன கணக்கு எதுவும் நிற்காது.